வேர்வையில் உப்பு, நெஞ்சில் கெட்டிச் சளி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். பெற்றோரிடமிருந்து மரபணு வழியாகப் பிள்ளைக்கு வருகிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயின் பெயரை இங்கே பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதில்லை. வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய் என்று டாக்டர்களிலேயே பலர் நினைத்திருந்தோம். நம் பிள்ளைகளுக்கும் வருகிறது. கீழே இருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குடும்பம் கேட்டவை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர்கள் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

"எங்க மாமியார் பிள்ளைய முத்தம் கொடுத்துட்டு உப்புக் கரிக்குதுன்னாங்க. அப்பவே வந்திருக்கணுமா டாக்டர்?"

ஆமாம், அது முக்கியமான தடயம். அந்தப் பாட்டி சொன்னதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு மாதக் குழந்தையை அவர்கள் என்னிடம் தூக்கி வந்தது அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நேரம். இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை, கண் சொருகிக் கிடந்தான். பேதி இல்லை, வாந்தியும் ஒன்றிரண்டு தடவைதான். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வேர்வை காய்ந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தது. விரலால் தொட்டால் நறநறவென்றது, உப்பளத்தில் நடந்துவிட்டு வந்த காலைத் தொட்டது போல.

இரத்தத்தில் சோடியம் 121, குளோரைடு 78, பொட்டாசியம் 2.4, பைகார்பனேட் 38. சோடியம் 135க்கு மேலும் குளோரைடு 95க்கு மேலும் இருக்க வேண்டும். இதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது, இரத்தத்தின் காரத்தைக் காட்டுகிற பைகார்பனேட். பேதியில் நீர் வற்றிய குழந்தைக்கு அது இறங்கும், 12, 14 என்று வரும். இங்கே ஏறியிருந்தது. உப்பு உடம்பிலிருந்து சிறுநீரில் போகவில்லை, மலத்தில் போகவில்லை, தோல் வழியாகப் போயிருக்கிறது. மிச்சமிருந்த சோடியத்தைப் பிடித்து வைக்கச் சிறுநீரகம் பொட்டாசியத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. வெயில் காலத்தில் இந்த நான்கு எண்களும் இப்படி ஒன்றாக வந்தால், வேர்வையைச் சோதிக்காமல் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

1948இல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியபோது சுருண்டு விழுந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் நிறைய இருந்தார்கள். அதைக் கவனித்துப் பின்தொடர்ந்துதான் வேர்வையில் உப்பு கூடுதலாக இருப்பதைப் பால் டி சான்டாக்னீஸ் என்ற மருத்துவர் 1953இல் உறுதிசெய்தார்.

"வேர்வையில உப்பு நிறையப் போகுதுங்கிறீங்க. நெஞ்சுல சளி காய்ஞ்சு கெட்டியாகுதுங்கிறீங்க. ரெண்டும் ஒரே கோளாறுன்னா எப்படி?"

கேட்டது குழந்தையின் தாத்தா. நாற்பது வருடம் வாய்க்கால் மதகுகளோடு வாழ்ந்தவர். அவரிடம் மதகை வைத்தே பேசினேன்.

செல்லின் சுவரில் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம் உண்டு. குளோரைடு போய்வருவதற்கான மதகு அது. உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்ததுதானே. இந்த மதகுக்கென்று சொந்தத் திசை கிடையாது. திறந்தால், எந்தப் பக்கம் அழுத்தம் கூடுதலோ அந்தப் பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும். வேர்வைக் குழாயில் குளோரைடு வெளியிலிருந்து உடம்புக்குள் வருகிறது. மூச்சுக்குழலில் உடம்பிலிருந்து வெளியே போகிறது. இரண்டு இடத்திலும் அதே மதகு, வேலை மட்டும் வேறு.

முதலில் வேர்வை. வேர்வைச் சுரப்பியின் அடியில் ஊறுகிற நீரில் கிட்டத்தட்ட இரத்தத்தில் இருக்கும் அளவுக்கு உப்பு இருக்கும். அது குழாய் வழியாகத் தோலுக்கு ஏறி வரும் வழியில் குளோரைடு மதகு வழியே உடம்புக்குத் திரும்பும், சோடியம் பக்கத்திலேயே இருக்கும் தன் மதகு வழியே கூட வரும். அந்தக் குழாயின் சுவர் தண்ணீரை விடாது. அதனால் உப்பு திரும்ப, நீர் மட்டும் வெளியேறும். மதகு பழுதானால் குளோரைடு திரும்ப வழியில்லை. ஜோடி இல்லாமல் சோடியமும் திரும்ப முடியாது. மொத்த உப்பும் தோலுக்கு வந்துவிடும். 1983இல் இதைக் கண்டுபிடித்த பால் குவின்டன், இதே நோயோடு பிறந்த விஞ்ஞானி.

இப்போது மூச்சுக்குழல். இங்கே சுவர் தண்ணீரை விடும், உப்பு எங்கே போகிறதோ அங்கே நீரும் போகும். சி.எஃப்.டி.ஆர். குளோரைடை வெளியே விட்டுச் சுவரை ஈரமாக்குகிறது. சோடிய மதகு சோடியத்தை உள்ளே இழுத்து ஈரத்தைக் குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஈரத்தின் மட்டத்தைக் காக்கின்றன. சி.எஃப்.டி.ஆர். பழுதானால் வெளியே விடும் வேலை நின்றுபோகிறது, உள்ளே இழுக்கும் வேலை மட்டும் நடக்கிறது.

தாத்தா இங்கே குறுக்கிட்டார். "அங்க ஜோடி இல்லாம சோடியம் போகாதுன்னீங்க. இங்க மட்டும் எப்படிப் போகுது?" மருத்துவ மாணவர்கள்கூடக் கேட்க மறக்கிற கேள்வி. வேர்வைக் குழாயில் குளோரைடுக்கு அந்த ஒரு மதகைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. மூச்சுக்குழலில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே கசிவு வழி உண்டு, வரப்பில் நண்டு வளை போல. அதன் வழியாகக் குளோரைடு சோடியத்தின் பின்னால் உள்ளே வந்துவிடும். நீரும் கூடவே வந்துவிடும். ஆக, தோலில் உப்பு வெளியே தங்கிவிடுகிறது, நெஞ்சில் உப்பும் நீரும் சேர்ந்து உள்ளே போய்விடுகின்றன.

பழுதான மூச்சுக்குழலில் சோடிய மதகு வழக்கத்தைவிட வேகமாக இழுக்கிறதா, இல்லை வெளியே விடுவது நின்றதே போதுமா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடம் இன்னும் வாதம் இருக்கிறது. ஈரம் குறைகிறது என்பதில் வாதம் இல்லை.

"கொஞ்சம் ஈரம் குறைஞ்சதுக்கா இவ்வளவு சளி?"

அந்த ஈரமே அவ்வளவு கொஞ்சம் என்பதுதான் சங்கடம். மூச்சுக்குழலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் வரிசையாக நிற்கின்றன. அவை மூழ்கி நிற்கும் நீரின் உயரம் ஏறக்குறைய 7 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. அந்த நீருக்கு மேலே மெல்லிய சளிப் போர்வை. தூசியும் கிருமியும் அதில் ஒட்டும். இழைகள் விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வீசிப் போர்வையைத் தொண்டைக்கு நகர்த்தும், நாம் தெரியாமலே விழுங்கிவிடுவோம். சளி என்றாலே கெட்டது என்று நினைக்கிறோம், ஆனால் நல்ல சளிதான் நுரையீரலைக் காலையும் மாலையும் பெருக்கித் தள்ளுகிறது.

நல்ல சளியில் நூற்றுக்கு 98 பங்கு தண்ணீர்தான், திடப்பொருள் 2 பங்கு. இந்த நோயில் அது 7, 8 பங்குக்குப் போய்விடும். கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், அதே தண்ணீரில் அரிசியை நாலு மடங்கு போட்டால் நாலு மடங்கு கெட்டியான கஞ்சி வராது, கரண்டி நிற்கிற களி வரும். சளியும் அப்படித்தான். அது மட்டுமில்லை, வறண்ட சளி கீழே இருக்கும் நீரையும் உறிஞ்சும். போர்வை இழைகளின் மேல் படுத்து அழுத்தும். நெற்பயிர் சாய்ந்து சேற்றில் ஒட்டிக்கொண்டது போல இழைகள் படுத்துவிடும், வீச முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. அதே மதகு பைகார்பனேட்டையும் வெளியே விடுகிறது. சளிப் புரதம் சுரப்பியிலிருந்து இறுகச் சுருட்டிய நிலையில் வருகிறது. கால்சியம் அதைக் கட்டி வைத்திருக்கும். அந்தக் கட்டை அவிழ்த்து விரியச் செய்வது பைகார்பனேட். அது வராவிட்டால் சளி சரியாக விரியாமல், சுரப்பியின் வாயிலேயே வேர் பிடித்தது போல் தொங்கும். வாய்க்காலில் காட்டாமணக்கு வேர்விட்டு நிற்கும்போது தண்ணீர் வந்தாலும் அது நகராது, வருகிற குப்பையையும் பிடித்து வைக்கும். அது போலத்தான்.

அப்புறம் கிருமி. சிறு வயதில் பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், பிறகு சூடோமோனாஸ். அவற்றைக் கொல்ல வெள்ளணுக்கள் வந்து அங்கேயே மடிகின்றன. மடிந்த அணுக்களின் டி.என்.ஏ. நீளநீளமான நூலாகச் சளியில் கலந்து இன்னும் பிசினாக்குகிறது. பச்சை நிறத்தில் நூல்போல இழுபடும் சளி வருவது அதனால்தான்.

"நிறைய வெந்நீர் குடுத்தா இளகாதா?"

இளகாது. உடம்பில் தண்ணீர் குறைவாக இல்லை. அதை மூச்சுக்குழலின் உள்முகத்துக்குக் கொண்டுவரும் வழிதான் பழுது. மேட்டூரில் அணை நிரம்பியிருந்தாலும் மதகு திறக்காவிட்டால் கடைமடைக்கு வராது. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு காரணத்துக்காக, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

"பிரைமரி காம்ப்ளெக்ஸ்னு சொல்லி நாலு மாசம் மருந்து குடுத்தோமே. அது என்னாச்சு?"

இந்தக் குழந்தைக்கு மூன்றாவது மாதத்திலிருந்தே விடாத இருமல், எடை ஏறவில்லை. வேறோர் இடத்தில் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் காசநோய் மருந்து தொடங்கியிருந்தார்கள். டெல்டாவில் இருமலோடு மெலிகிற குழந்தைக்கு முதலில் தோன்றுவது அதுதான், காசநோய் இங்கே இருக்கவும் செய்கிறது. சந்தேகப்பட்டதில் தப்பில்லை. மருந்து கொடுத்தும் எடை ஏறாதபோது மறுபடி யோசிக்காமல் விட்டதுதான் தப்பு.

யோசிக்க வைத்திருக்க வேண்டிய விஷயம் அம்மாவிடமே இருந்தது. குழந்தை நன்றாகக் குடித்தான், பசியில் அழுதான், ஆனால் மலம் நிறையவும் நெய் மினுமினுப்போடும் போனது, துணியைத் துவைத்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. கணையத்தின் சிறு குழாய்களிலும் அதே மதகுதான். அங்கே நீர் வராமல் குழாய் அடைபட்டு, கொழுப்பைச் செரிக்கும் நொதி குடலுக்கு வரவில்லை. அதற்கு நொதி மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்தோம். இரண்டு மாதத்தில் எடை ஏறியது. நெஞ்சைவிட வயிறு சீக்கிரம் சொன்னபடி கேட்கும்.

"வேர்வை டெஸ்ட்னா வெயில்ல நிக்க வெப்பாங்களா?"

இல்லை, பயப்பட வேண்டாம், ஊசியும் கிடையாது. முன்கையில் பைலோகார்பின் என்ற மருந்து தடவிய சிறு தகடு வைத்து, மிகச் சிறிய மின்சாரத்தை ஐந்து நிமிடம் விடுவார்கள். லேசாகக் குறுகுறுக்கும். அந்த இடம் மட்டும் வேர்க்கும். அதை அரைமணி நேரம் சேகரித்துக் குளோரைடை அளப்பார்கள். 30க்குக் கீழே இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு குறைவு. 60, அதற்கு மேல் என்றால் நோய்க்கான அளவு. நடுவில் வந்தால் மரபணுச் சோதனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவனுக்கு 104, இரண்டாம் முறை 101.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் சேகரிப்பதில்தான். வேர்வை போதாமல் எடுத்தாலோ, காற்றில் உலர விட்டாலோ எண் நம்ப முடியாததாகிவிடும். தினமும் செய்து பழகிய இடத்தில்தான் எடுக்க வேண்டும். நான் வேலூர் சி.எம்.சி.க்கு அனுப்பினேன். குழந்தை நீர் வற்றிக் கிடக்கும்போது எடுக்கக் கூடாது, தேறியபின் எடுக்க வேண்டும்.

"உப்புப் புகை புடிக்கச் சொல்றீங்க. ஏற்கெனவே உப்புதானே பிரச்சினை?"

நெஞ்சில் பிரச்சினை உப்பு கூடினது இல்லை, உப்பும் நீரும் உள்ளே போய்விட்டதுதான். அதனால் வெளியே, சளிப் பக்கம், நாமே உப்பை வைக்கிறோம். மாவடு போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜாடியில் மாவடுவும் கல்லுப்பும் போட்டுக் குலுக்கி வைக்கிறோம், ஒரு சொட்டு தண்ணீர் விடுவதில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் வடு சுருங்கி, பாதி ஜாடி நீர் விட்டிருக்கும். உப்பு நீரை வெளியே இழுத்தது. மூச்சுக்குழலிலும் அதே வேலைதான். மதகு திறக்கவில்லை, ஆனால் சுவர் தண்ணீரை விடும் என்பதால் உடம்பிலிருந்து நீர் சளிக்கு வருகிறது. சோடிய மதகு அந்த உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் வரை, சில மணி நேரத்துக்குச் சளி இளகியிருக்கும். அதனால்தான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

பயன்படுத்துவது நெபுலைசரில் புகையாக்கிய 7 சதவீத உப்புநீர், ஒரு தடவைக்கு 4 மில்லி. சாதாரண சலைன் 0.9 சதவீதம், கடல்நீர் சுமார் 3.5. ஆக, கோடியக்கரைக் கடலைப் போல இரண்டு மடங்கு. ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கு விளையாடும் இந்நோயாளிகளின் நுரையீரல் நன்றாக இருப்பதைக் கவனித்ததில் இந்த வைத்தியத்துக்கு வேகம் பிடித்தது. 2006இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 164 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்தக் கடும் உப்புநீரையும் மற்றவர்கள் சாதாரண சலைனையும் 48 வாரம் பிடித்தார்கள். கடும் உப்புநீர் பிடித்தவர்களுக்கு நுரையீரலின் செயல்திறன் கொஞ்சம்தான் கூடியது. ஆனால் நோய் முற்றிப் படுக்கிற தடவைகள் பாதிக்கும் மேல் குறைந்தன.

வரிசை முக்கியம். முதலில் மூச்சுக்குழலை விரிக்கும் சால்ப்யூட்டமால், ஏனென்றால் கடும் உப்பு சிலருக்கு மூச்சுக்குழலைச் சுருக்கும். முதல் வேளை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான். அடுத்து உப்புநீர், உடனே நெஞ்சுப் பயிற்சி, இளகிய சளியை வெளியேற்ற. பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குழாயால் குமிழி விடுவது சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் ஆகிவிடும். மூச்சு வழி ஆன்டிபயாடிக் கொடுப்பதாக இருந்தால் அது கடைசியில், இளகாத சளிமேல் தெளித்துப் பயனில்லை. டி.என்.ஏ. நூலை வெட்டுகிற டார்னேஸ் ஆல்ஃபா 1993 முதல் இருக்கிறது, விலைதான் இடிக்கிறது. 7 சதவீதம் கிடைக்காத நாட்களில் மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைக்கும் 3 சதவீதத்தை இவர்களுக்குச் சொன்னேன். இழுக்கும் பலம் குறைவு, விட்டுவிடுவதைவிட மேல்.

"வீட்டுலயே கல்லுப்பு கரைச்சுக்கலாமா?"

கூடாது. காய்ச்சிய தண்ணீரானாலும் கிருமி நீக்கியதாகாது, அளவும் தவறும். நெபுலைசர் கப்பை ஒவ்வொரு தடவையும் கழுவி, கொதிக்க வைத்து, நன்றாக உலர்த்துங்கள். ஈரமாக மூடி வைத்த கப்பில் சூடோமோனாஸ் வளரும். நாமே கிருமியை நெஞ்சுக்கு அனுப்பியது போலாகிவிடும்.

"மதகையே சரி பண்ண மருந்து வந்துடுச்சாமே?"

வந்திருக்கிறது. ஐவாகாஃப்டர் 2012இல் வந்தது, திறக்காமல் நிற்கும் மதகைத் திறந்து வைக்கும். 2019இல் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை வந்தது. அதில் இரண்டு, கோணலாக மடிந்து செல்லுக்குள்ளேயே அழிக்கப்படும் புரதத்தை நேராக்கிச் சுவருக்குக் கொண்டுவரும். மூன்றாவது திறக்கும். மாத்திரை பலன் கொடுக்கும் நோயாளிகளிடம் வேர்வை உப்பு இறங்குகிறது, சளி இளகுகிறது. பழுது எங்கே என்று சரியாகப் புரிந்துகொண்டதற்குக் கிடைத்த பலன் இது.

இரண்டு தடை உண்டு. அந்த மூன்று மருந்து மாத்திரை அமெரிக்காவில் வந்தபோது ஓர் ஆண்டு விலை 3 லட்சம் டாலருக்கு மேல். அடுத்தது, பழுதின் வகை. ஐரோப்பியர்களிடம் மிகப் பரவலான, அந்தப் புரதத்தின் 508ஆம் இடத்துப் பழுது நம் நாட்டுக் குழந்தைகளிடம் அவ்வளவு பரவலாக இல்லை. புரதமே உருவாகாத வகைப் பழுது என்றால் இந்த மாத்திரைக்குப் பிடித்துத் திருத்த எதுவும் இருக்காது. அதனால் மரபணு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள், எந்த மருந்து வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

"சொந்தத்துல கட்டுனதாலயா?"

அம்மா இதைத் தலை குனிந்து கேட்டார். அவர் கணவருக்குத் தாய்மாமன் மகள். பழுதான மரபணு ஒன்று மட்டும் உள்ளவருக்கு நோய் வராது, தெரியவும் தெரியாது. அப்பா, அம்மா இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து இருவருக்கும் அதே பழுது வந்திருக்க சொந்தத்தில் வாய்ப்பு கூடுதல். இவனுக்கு இரண்டு பக்கமும் ஒரே பழுதுதான் இருந்தது. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வருகிறது. இதில் அம்மாவின் பங்கு எவ்வளவோ அப்பாவின் பங்கும் அவ்வளவே, இதை அந்த வீட்டில் பெரியவர்கள் முன்னால் வைத்தே சொன்னேன். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள். பழுது எது என்று தெரிந்திருந்தால் கருவின் மூன்றாம் மாதத்திலேயே சோதிக்கலாம்.

"திரும்ப சித்திரை வருது. என்ன பண்ணணும்?"

உப்பு கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குள் குழந்தைக்கு உப்பு சேர்க்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம், இந்தக் குழந்தைகளுக்கு அது பொருந்தாது. ஆறு மாதம் வரை நாளுக்கு எட்டில் ஒரு டீஸ்பூன், அதன்பின் கால் டீஸ்பூன் என்பது வழக்கமான அளவு, நாள் முழுக்கப் பிரித்து. உங்கள் டாக்டரிடம் கேட்டு வெயிலுக்கும் எடைக்கும் ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு உப்புப் போட்ட மோர், நார்த்தங்காய், ஓ.ஆர்.எஸ். தாராளமாக. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் கொடுத்தால் சோடியம் இன்னும் இறங்கும்.

குழந்தை சோர்ந்து பால் குடிக்கவில்லை, சிறுநீர் குறைந்தது, காரணமில்லாமல் துவண்டு கிடக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லி, சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அம்மா இதை ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு கைப்பையில் வைத்திருக்கிறார். பையனுக்கு இப்போது ஐந்து வயது. போன கோடையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவன் துவண்டபோது, அங்கே இருந்த டாக்டர் அட்டையைப் படித்துவிட்டு உடனே சலைன் ஏற்றினார். சோடியம் 128இல் பிடித்துவிட்டார்கள்.